படம் தெரிகிறது, பதிவு இல்லை

நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு கேமரா வந்தது ஒரு விளம்பரக் கூட்டத்தோடு. கும்மிடிப்பூண்டி பஜாரில் எங்கள் கடை மாடிதான் கொஞ்சம் விசாலம். அதனால் சுற்றியுள்ள கடைக்காரர்களை அங்கேயே வரச்சொல்லியிருந்தார் எங்கள் முதலாளி. மருந்துக்கடைக்காரர், ஹார்டுவேர்க் கடைக்காரர், மளிகைக்காரர் என ஏழெட்டு பேர், வாடிக்கையாளர்களுக்கு விரிக்கும் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடை திறக்காத காலை நேரம். விற்பனைப் பெண்களான நாங்கள் டீ கொடுத்துவிட்டு ரேக்குகளின் ஓரமாக நின்றோம். போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

கேமரா மாட்டுகிறவர் திருவள்ளூரிலிருந்து வந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. டை கட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேசுகிற ஆள் வருவார் என்று நினைத்திருந்தோம். இவரோ சட்டைக் கையை மடித்துவிட்டு, கடைக்காரர்களுக்கு விளங்குகிற மாதிரி பேசினார்.

"அண்ணே, கேமரா ஒண்ணும் மந்திரக்கண்ணு இல்ல. டார்ச் அடிச்சா வெளிச்சம் எம்மாந்தூரம் விழுது, அந்த மாதிரிதான். மூலையில ஒண்ண வச்சா முழு கடையும் தெரியும். ஆனா தூரத்துல நிக்கிறவன் மூஞ்சி தெரியாது. மூஞ்சி வேணும்னா வாசலுக்கு ஒண்ணு, கல்லாவுக்கு ஒண்ணு, கிட்டக்க பாக்குற மாதிரி தனியா வைக்கணும். வாசல் கேமராவ நேரா ரோட்டு வெயிலப் பாக்க வச்சீங்கன்னா உள்ள வர்றவன் கறுப்பு நிழலா தெரிவான். அதையும் பாத்துதான் மாட்டணும்."

துணி மாற்றும் அறைப்பக்கம் எந்தக் கேமராவும் திரும்பக்கூடாது, அது சட்டப்படி குற்றம் என்றும் சொன்னார். ஹார்டுவேர்க்காரர் சிரித்தார். அவர் கடையில் துணி மாற்றும் அறை இல்லை.

"எத்தினி நாள் படம் இருக்கும்?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"எல்லா கேமரா வயரும் போய்ச் சேர்ற பெட்டிக்குள்ள ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கும்ணே, அதுலதான் பதிவாவும். அது நெறைஞ்சதும் நிக்காது, பழசத்தான் மொதல்ல அழிச்சி அதுமேலயே எழுதும். நாலு கேமராவுக்கு இந்த டிஸ்க்குன்னா சுமாரா பதினஞ்சு நாள் நிக்கும். அதே டிஸ்க்குல எட்டு கேமரா சேத்தா பாதியாப் பூடும். ஏதாவது நடந்துச்சுன்னா அதுக்குள்ள பென் டிரைவ்ல எடுத்து வச்சிக்கணும். ஒரு மாசம் கழிச்சி வந்து கேட்டா, கடவுளே வந்தாலும் குடுக்க முடியாது."

கடைசியாக சர்வீஸ் பற்றிச் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வருவார். லென்ஸைத் துடைப்பார், சிலந்திக்கூட்டை எடுப்பார், பெட்டியில் தேதியும் நேரமும் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பார். "அத்தவிட முக்கியம் ஒண்ணு. பழைய நாள் ஏதாவது ஒண்ண ஓட்டிப் பாப்போம். டிவில படம் தெரியுதுன்னா பதிவாவுதுன்னு அர்த்தம் இல்லண்ணே. படம் கேமராவுல இருந்து வருது, பதிவு டிஸ்க்குல நிக்குது. டிஸ்க் செத்துப் போச்சுன்னாலும் படம் ஜம்முனு ஓடிக்கினேதான் இருக்கும். மொத வருசம் சர்வீஸ் இலவசம். அப்பால வருசா வருசம் ஒரு தொகை."

அப்போதுதான் என் பக்கத்தில் நின்றிருந்த அக்கா வாயைத் திறந்தாள். பட்டுப்புடவைப் பிரிவு அவளுடையது. நான் அந்தக் கடைக்கு வரும்போதே அவள் அங்கே பல வருடமாக இருந்தாள். புடவையின் மடிப்பைத் தொட்டே கறையோ நூல் இழுப்போ இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு என்பதால் விடிகாலை ஜெபத்துக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு வருவாள்.

"தம்பி, நாங்க எடுக்கலன்னா, எடுக்கலன்னும் அது சொல்லுமா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி முகம் சுளித்தார். கேமராக்காரர் மட்டும் சிரிக்காமல் பதில் சொன்னார். "சொல்லும்கா. நடந்தத நடந்தபடி காட்டும்."

அக்கா கேட்டதற்குக் காரணம் இருந்தது. தினமும் சாயங்காலம் கிளம்பும்போது எங்கள் பைகளைக் கொட்டிக் காட்டவேண்டும். சாப்பாட்டு டப்பா, சீப்பு, மாத்திரை, நாப்கின் எல்லாம் கல்லா மேஜையில் பரப்பப்படும். கேமரா வந்துவிட்டால் இது நின்றுவிடும் என்று அவள் நம்பினாள். "அதான் பாத்துகினே இருக்கப் போவுதே, அப்பறம் பைய எதுக்குடி கொட்டணும்?" என்று படி இறங்கும்போது என்னிடம் சொன்னாள். அவள் குரலில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கேமரா மாட்டினார்கள். பை கொட்டுவது நிற்கவில்லை.

கூடுதலாக ஒன்று சேர்ந்தது. முதலாளி வீட்டில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே போனில் எங்களைப் பார்த்தார். கடை போன் அடிக்கும். "அந்தப் பச்சப் புடவ ஏன் உக்காந்துகினு இருக்குது?" என்பார். எங்களுக்கு ஸ்டூல் போட்டிருந்தார்கள், கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்தால் போன் வரும். அக்காவுக்குக் காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். துணி மாற்றும் அறைக்குப் பக்கத்தில் கேமரா பார்க்காத இடம் கொஞ்சம் இருந்தது. அங்கே ஜாக்கெட் துணி மூட்டைமேல் மாற்றி மாற்றி உட்கார்ந்து எழுவோம். அதிலேயே ஒரு வருடமும் அதற்கு மேலும் போயிற்று.

இலவச சர்வீஸ் முடிந்ததும் கேமராக்காரர் வந்து கேட்டதற்கு முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். "நல்லாத்தானே ஓடுது? கண்ணாடியத் தொடைக்க எனக்குத் தெரியாதா?" என்றார். கேமராக்காரர் ஏதோ சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் கரண்ட் எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று சொல்லமுடியாது. அந்தக் கோடையில் ஒருநாள் போய்ப் போய் வந்தது. மறுநாள் கல்லாவுக்குக் கீழே இருந்த கேமராப் பெட்டி கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. முதலாளி யாருக்கோ போன் போட்டு, "இது கத்திகினே இருக்குதுப்பா, கஸ்டமர்லாம் கேக்கறாங்க, எப்டி நிறுத்தறது?" என்று கேட்டார். பிறகு மவுசை வைத்து எதையோ அழுத்தினார். சத்தம் நின்றது. டிவியில் நான்கு கட்டத்திலும் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜாக்கெட் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் கேமராக்காரர் சொன்னது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. முதலாளிக்கும் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் சரக்கு கணக்கெடுத்தபோது பட்டுப் பிரிவில் சில அட்டைப்பெட்டிகள் லேசாக இருந்தன. திறந்தால் உள்ளே அட்டை மட்டும். புடவை இல்லை.

முதலாளி அக்காவைப் பார்த்தார். அக்கா பதறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "மொதலாளி, போன வாரம் முகூர்த்தத்துக்கு மொத நாளு ஒரு கும்பல் வந்துச்சு. நாலஞ்சு பொம்பளைங்க, ஒருத்தி மடியில கொழந்த. எல்லா பெட்டியையும் எறக்கச் சொல்லிட்டு ஒண்ணும் எடுக்காமப் பூட்டாங்க. அன்னிக்கித்தான் போயிருக்கும். படத்தப் போட்டுப் பாருங்க."

"பாக்கத்தான் போறேன்" என்றார் அவர்.

"பாருங்க. பதினஞ்சு நாள் ஆவல. இருக்கும்" என்றாள் அக்கா. விளம்பரக் கூட்டத்தில் சொன்னதை அவள் ஒரு எழுத்து விடாமல் நினைவில் வைத்திருந்தாள்.

கல்லாவில் டிவி முன்னால் எல்லோரும் கூடினோம். முதலாளி அந்தத் தேதியை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. அதற்கு முந்தின நாளை அழுத்தினார். அதற்கும் முந்தின நாள். பதிவு உள்ள நாட்களுக்கு அந்தக் காலண்டரில் அடையாளம் இருக்கும். அந்த மாதக் கட்டங்கள் எல்லாமே வெறுமையாக இருந்தன. மூலையில் இப்போதைய படம் மட்டும் ஓடியது. அதில் நாங்கள் கும்பலாக டிவியைப் பார்த்து நிற்பது தெரிந்தது. நடுவில் அக்கா, கழுத்தை நீட்டிக்கொண்டு.

"இன்னா, ஒண்ணும் வரல?" என்று அவள் என்னைத்தான் கேட்டாள்.

மதியத்துக்குமேல் கேமராக்காரர் பைக்கில் வந்தார். பெட்டியைக் கழற்றி, டிஸ்க்கை வேறு வயரில் மாட்டிப் பார்த்தார். "டிஸ்க் போச்சுண்ணே. எதுவும் எடுக்க முடியாது. கோடையிலயே போயிருக்கும். பெட்டி கத்தியிருக்குமே, கத்தலையா?"

"இல்லியே" என்றார் முதலாளி.

எனக்கு வாய் நிற்கவில்லை. "கத்துச்சு சார். கரண்ட் போய்ப் போய் வந்துச்சே, அதுக்கு மறுநாளு. நீங்கதான் போன் போட்டு நிறுத்தினீங்க."

முதலாளி திரும்பாமலே சொன்னார். "ஜாக்கெட் பிட்டுக்கு ஆள் நிக்கிறாங்க. போய்ப் பாரு."

அங்கே யாரும் நிற்கவில்லை. கேமராக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். அவருக்குப் புது டிஸ்க் ஆர்டரும் சர்வீஸ் ஒப்பந்தமும் வேண்டும். அவரை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மில் ஓடினால்தான் சம்பளம்.

முதலாளி அக்காவிடம் பேசியது எனக்குக் கேட்டது. கத்திப் பேசவில்லை. "பதிவாவலன்னு தெரிஞ்ச ஆளுதான் எடுத்துருக்கணும். வெளியில இருந்து வந்தவங்களுக்கு அது எப்டித் தெரியும்? உள்ள இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

"எனக்கு எப்டிங்க தெரியும்? தெரிஞ்சிருந்தா படத்தப் போடுங்கன்னு நானே சொல்லுவேனா?"

அதற்குப் பதில் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. "ஸ்டேசனுக்குப் போவலாம். ஒன் வயசுக்கு வேணாம்னு பாக்கறேன். நாளைலேந்து வராத."

அக்கா தன் பையை எடுத்து, யாரும் கேட்காமலே கல்லா மேஜையில் கொட்டினாள். டப்பா, சீப்பு, கால்வலி மாத்திரை. திரும்ப எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டாள். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் அவளோடு போகவில்லை. போனால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றே பஜார் கடைக்காரர்களின் வாட்சப் குரூப்பில் அவள் படம் வந்தது. முதலாளியின் போனில் உள்ள கேமரா ஆப்பிலிருந்து எடுத்த படம். காலையில் டிவி முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாளே, அப்போதே பிடித்துவைத்த படம். ஓடுகிற படத்தை அப்படியே போனில் பிடிக்க டிஸ்க் தேவையில்லை. 'வேலைக்கு எடுப்பவர்கள் ஜாக்கிரதை' என்று கீழே எழுதியிருந்தது. மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண் எனக்குக் காட்டினாள்.

பஜாரில் யாரும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை. சிப்காட்டில் ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் போனாள். ஷிப்ட் முழுக்க நிற்கமுடியாமல் சில நாளில் நின்றுவிட்டாள். திருநின்றவூரில் அவள் மகளுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீடு ஏதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டு, பிறகு போன் எடுப்பதை நிறுத்தியது. அந்தப் படம் அவர்களுக்குப் போயிருந்ததா என்று அக்காவுக்குத் தெரியாது. "கேக்கறதுக்கு எனக்கு இன்னா மூஞ்சி இருக்குது?" என்றாள் போனில்.

கடையில் புது டிஸ்க் வந்தது. கேமராவும் கூடியது. நாட்கள் குறையாமலிருக்கப் பெரிய டிஸ்க்காகவே போட்டார்கள். நாங்கள் உட்காரும் மூட்டையை அங்கிருந்து எடுத்துவிட்டு, துணி மாற்றும் அறைக் கதவு படாதபடி அந்த மூலையை மட்டும் பார்க்கும் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். கேமராக்காரர் அளந்து அளந்து திருப்பினார். வேலையில் அவர் சுத்தம்.

சில மாதங்கள் கழித்து அவர் ஒரு விளம்பர வீடியோ எடுக்க எங்கள் கடையையே கேட்டார். பேசுவதற்கு என்னைக் கேட்டார். என் தமிழ் தெளிவாக இருக்கிறதாம். முதலாளி, "பேசு, இன்னா இப்ப?" என்றார்.

எழுதிக் கொடுத்திருந்ததை நான் பார்த்தேன். எல்லாம் அவர் அன்றைக்குச் சொன்னதுதான். எந்தக் கேமரா எதைக் காட்டும், எத்தனை நாள் பதிவு நிற்கும், சர்வீஸ் ஆள் வந்தால் என்னென்ன பார்ப்பார், டிவியில் படம் தெரிவதை மட்டும் நம்பாதீர்கள் என்று எளிமையாக, சரியாக இருந்தது. கடைசியில் புதிதாக ஒரு பத்தி: 'ஒரு துணிக்கடையில் பல வருடம் வேலை செய்த பெண்மணியே பட்டுப்புடவைகளைத் திருடிவிட்டார். சர்வீஸ் செய்யாததால் டிஸ்க் பழுதானது கடைக்காரருக்குத் தெரியவில்லை. ஆதாரம் இல்லாமல் போனது. உங்கள் கடைக்கும் இந்த நிலைமை வேண்டுமா?'

"இத நான் சொல்ல மாட்டேன் சார்" என்றேன்.

"யாரு பேரும் இல்லம்மா" என்றார் அவர்.

"அக்கா எடுக்கல."

"எடுத்தாங்கன்னு நான் நேருல பாத்தேனா? எடுக்கலன்னு நீ பாத்தியா? இது சும்மா ஒரு உதாரணம். இத வச்சாதான் சர்வீஸ் போடுவாங்க. நாஞ்சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. ஒங்க மொதலாளியே கேக்கலியே!"

"அப்டின்னா அதையே போடுங்க. பெட்டி கத்துச்சு, மொதலாளி நிறுத்திட்டாருன்னு போடுங்க."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நீ சொல்றது எனக்குத் தெரியும்மா. அன்னிக்கே தெரியும். அதப் போட்டா எந்தக் கடைக்காரன் என்ன உள்ள விடுவான்?"

அந்தப் பத்தியை நான் சொல்லவில்லை. மற்றதை எல்லாம் சொன்னேன். கேமரா டார்ச் மாதிரி என்றேன். பழையதை அழித்துத்தான் புதியதை எழுதும் என்றேன். என் குரல் முடிந்த இடத்தில் அவருடைய குரலைச் சேர்த்து, அந்தப் பத்தியையும் ஓடவிட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே ஒரு புடவையை விரிப்பது பின்னால் தெரிந்தது. எனக்குப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் கேமராக்காரர் அதை அனுப்பினார். நிறுத்தச் சொன்னேன். முதலாளி, "நல்லாத்தானே இருக்குது" என்றார். பஜார் குரூப்பிலிருந்து அது ஊர் முழுக்கப் போனது. பேர் இல்லைதான். யாரென்று தெரியாதவர்கள் யாரும் இல்லை.

எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் அக்கா பாத்திரம் தேய்க்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போனேன். பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி ஓரம் பலகை போட்டு உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் வரிசையாக லாரிகள். அவள் கை விரல்கள் சாம்பல் நிறமாக ஊறிப்போயிருந்தன.

"வாம்மே" என்றாள். எழுந்திருக்கவில்லை.

ஊரிலிருந்து வாங்கிப்போன பன்னை வாங்கி வைத்துக்கொண்டாள். மகளைக் கேட்டேன். சூளூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹாஸ்டலில் இருக்கிறாளாம். கல்யாணப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

"முந்தாநாளு ஒன் கொரல் கேட்டுச்சு" என்றாள் அக்கா.

நான் அவள் பக்கத்தில் குந்தினேன்.

"அந்தக் கேமராத் தம்பி இங்க வந்திருந்துச்சு. ஓனருகிட்ட போன்ல படத்தப் போட்டுக் காட்டிச்சு. நான் இங்கதான் தேச்சிகினு இருந்தேன். இன்னாடா நம்ம பொண்ணு கொரல் மாதிரியே இருக்குதேன்னு நிமிந்தேன். கஸ்டமரு வந்தா பேசுவியே, அதே மாதிரி பேசினே."

"கடைசியில வர்றத நான் சொல்லலக்கா. சத்தியமா முடியாதுன்னுட்டேன்."

"தெரியும். அது ஆம்பள கொரலு." கரண்டியைத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள். "ஓனரு கேட்டாரு, அடப்பாவமே, எந்தக் கடை அதுன்னு. தம்பி சொல்லல. என்னப் பாத்துது. பாத்துட்டுத் தலையக் குனிஞ்சிக்கிச்சு. அதுக்கு அவ்ளோதான் முடிஞ்சுது."

"நீ சொல்லியிருக்கலாமே, நான் எடுக்கலன்னு."

"யாருகிட்ட? எத்தக் காட்டி?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. ஈரக்கையை என் தோளில் வைக்க வந்து, புடவை நனையும் என்று எடுத்துக்கொண்டாள். "ஒன் வேலைய உட்டுடாத. எங்கிட்ட வந்துகினு இருக்கறது தெரிஞ்சா அந்தாளு உன்னியும் நிறுத்திடுவான். இனிமே வராத கண்ணு."

"வருவேன்."

"வராதன்னு சொல்றேன்ல" என்றாள், கொஞ்சம் கோபமாகவே.

நான் மறுபடியும் போனேன். போவதற்குள் சில வாரங்கள் ஆகிவிட்டன. தீபாவளி வியாபாரத்தில் லீவு கிடைக்கவில்லை. பின்கட்டில் வேறு ஒரு பெண் தேய்த்துக்கொண்டிருந்தாள், ஒடிசாப் பக்கத்துப் பெண். தமிழ் வரவில்லை. மெஸ்காரரைக் கேட்டேன். "அந்தம்மாவா? கால் முடியல, பொண்ணுகிட்டப் போறேன்னு சொல்லிட்டுப் பூடுச்சுங்க. நல்ல அம்மா" என்றார். பிறகு, "ஏம்மா, நீங்கதானே அந்த வீடியோவுல வர்றது?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

வெளியே வந்து அக்காவின் நம்பருக்குப் போட்டேன். நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்றது. கும்மிடிப்பூண்டி பஸ் வருகிறவரை ரோட்டோரமாகவே நின்றேன். ஆந்திரா பக்கம் போகிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. சூளூர்ப்பேட்டை அங்கிருந்து ஒன்றும் தூரமில்லை. ஆனால் எந்தக் கம்பெனி, எந்த ஹாஸ்டல் என்று நான் அன்றைக்குக் கேட்டுவைத்திருக்கவில்லை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன். மறுநாள் காலையில் கடை திறக்க வேண்டும்.